பட்டியலில் பெயர் இருக்கிறது, பணி நின்றுவிட்டது
ஆஷா திட்டமும் துண்டுக் கூலியும்

(திட்டப் பணியாளர்கள் குறித்த கட்சிப் பயிலரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் கட்சிப் பணியாற்றும் தோழர்களில் பலர் ஆஷா பணியாளரை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். இங்கே ஊர்தோறும் அறிமுகமானவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஆஷாக்கள் இம்மாநிலத்தின் மலைப் பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் மட்டுமே இருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ ஒரு சிற்றூரில் கர்ப்பிணிக்கு வலி எடுத்தால் முதலில் தட்டப்படுவது ஆஷாவின் கதவுதான். நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இந்தப் பணியில் உள்ளனர். உலகிலேயே மிகப் பெரிய சமூக சுகாதாரப் பணியாளர் திட்டங்களில் ஒன்று இது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது அளித்துச் சிறப்பித்தது. விருது பெற்ற அந்தப் பெண்களைச் சட்டம் இன்றுவரை தொழிலாளர்களாக ஏற்கவில்லை.

இந்த உரை ஒரே ஒரு கேள்வியைத் தொடர்கிறது. ஆஷாக்கள் ஏன் விலகுகிறார்கள்? அதிகாரிகளைக் கேட்டால், விலகுவோர் மிகக் குறைவு என்பார்கள். பதவி விலகல் கடிதங்களை மட்டும் எண்ணினால் அது உண்மையே. ஆனால் விலகல் என்பது கடிதத்தில் மட்டும் நிகழ்வதில்லை. பட்டியலில் பெயர் இருக்கும், மாதாந்திரக் கூட்டத்துக்கும் அவர் வருவார். ஆனால் ஊரின் பாதி வீடுகளுக்கு அவர் கால் போவதில்லை. இந்த அரை விலகல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, திட்டத்தின் கூலி முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரும் கூலியும்

2005 ஏப்ரல் 12 அன்று தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டது. ஆயிரம் மக்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் ஆஷாக்கள் நியமிக்கப்பட்டனர். ஆஷா என்ற சுருக்கப் பெயரின் விரிவு, அங்கீகரிக்கப்பட்ட சமூக சுகாதாரச் செயல்வீரர் என்பதாகும். அவர் ஊரின் பிரதிநிதியாக நின்று அரசு மருத்துவச் சேவையைக் கேட்டுப் பெற்றுத் தருவார் என்பதே அந்தப் பெயரின் பொருள். இந்தக் கருத்து வானத்திலிருந்து விழுந்ததன்று. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970 முதல் அரோலே தம்பதியர் எழுத்தறிவில்லாத பெண்களையும் தலித் பெண்களையும் கொண்டு நடத்திய கிராம சுகாதாரப் பணி அதற்கு முன்னோடி. சத்தீஸ்கரில் 2002இல் தொடங்கிய மிதானின் திட்டம் இன்னொரு முன்னோடி. மிதானின் என்றால் அம்மக்களின் பேச்சில் தோழி என்று பொருள்.

ஆனால் பெயரில் செயல்வீரராக இருந்தவர் கணக்கில் தன்னார்வலர் ஆனார். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. செய்து முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஊக்கத்தொகை உண்டு. தொழிற்சாலை மொழியில் இதன் பெயர் பீஸ் ரேட், அதாவது துண்டுக் கூலி. மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில் துண்டுக் கூலிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வேலையின் தரத்தை முடிவுற்ற பொருளே அளந்துவிடுவதால் முதலாளிக்கு மேற்பார்வைச் செலவு குறைகிறது. குறை சொல்லிக் கூலியைப் பிடிக்க வழி பிறக்கிறது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே தரகர்கள் நுழைய இடம் உண்டாகிறது என்று அங்கே விளக்குகிறார். அவர் பேசியது தறிக்கூடத்தையும் தையல் வேலையையும் பற்றி. ஆஷா திட்டத்தில் அந்த மூன்றும் அப்படியே நிகழ்ந்திருக்கின்றன.

ஓர் ஊரின் கணக்கு

ஆயிரம் பேர் வாழும் ஒரு வட இந்தியச் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு இருபத்தைந்து குழந்தைகள் பிறப்பதாகக் கொள்வோம். பின்வரும் கணக்கு, ஒன்றியத் திட்டம் வகுத்த தொகைகளைக் கொண்டு போடப்பட்டது. மாநில அரசுகள் தனியே கொடுப்பது இடத்துக்கு இடம் மாறுவதால் அது இதில் சேரவில்லை.

ஜனனி சுரக்ஷா யோஜனாவின் கீழ், கர்ப்பிணியைப் பதிவு செய்து, பேறுகாலப் பரிசோதனைகளுக்கு அழைத்துச் சென்று, அரசு மருத்துவமனையில் பிரசவம் நடக்கச் செய்தால் ஆஷாவுக்கு 600 ரூபாய். குழந்தை பிறந்தபின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குச் சென்று தாயையும் சேயையும் பார்த்தால், ஆறு வருகைக்கும் சேர்த்து 250 ரூபாய். முதல் ஆண்டுத் தடுப்பூசிகள் அனைத்தும் முடிந்தால் 100, இரண்டாம் ஆண்டுக்கு 75. மூன்றாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை ஐந்து முறை குழந்தையைப் பார்க்க மேலும் 250. ஆக, ஒரு குழந்தையை ஒட்டி அதிகபட்சம் 1,275 ரூபாய். இருபத்தைந்து பிறப்புகளும் ஒரு பிசிறில்லாமல் முடிந்தால் ஆண்டுக்கு 31,875 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 2,650.

எந்த ஊரிலும் எல்லாம் பிசிறில்லாமல் முடிவதில்லை. ஆறு குடும்பங்கள் தனியார் மருத்துவமனைக்குச் செல்கின்றன, மூன்று பிரசவங்கள் வீட்டிலேயே நடந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேறுகாலங்களுக்கான 600 ரூபாய் போயிற்று. பிறப்புப் பதிவு தாமதமாகிச் சில குழந்தைகளுக்கான வீட்டு வருகைத் தொகை நிற்கிறது. செங்கல் சூளைக்கு இடம்பெயரும் குடும்பங்கள் தடுப்பூசி அட்டையுடன் போய்விடுகின்றன. இருபது குழந்தைகளுக்கு வீட்டு வருகை, பதினெட்டுக்கு முதலாண்டுத் தடுப்பூசி, பதினைந்துக்கு இரண்டாம் ஆண்டுத் தடுப்பூசியும் ஐந்து தொடர் வருகைகளும் என்று முடிந்தால், ஆண்டு வருவாய் 21,275 ரூபாய். மாதத்துக்கு 1,770 ரூபாய் அளவில் நிற்கும்.

இதனுடன் மாதாந்திர நிலையான ஊக்கத்தொகை ஒன்றும் உண்டு. 2018 முதல் அது 2,000 ரூபாயாக இருந்தது. நிலையானது என்று சொல்லப்பட்டாலும் அதுவும் துண்டுகளால் ஆனதே. கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளை நடத்த 200, கிராம சுகாதாரக் குழுக் கூட்டத்துக்கு 150, ஆரம்ப சுகாதார நிலையக் கூட்டத்துக்கு 150; வீடுகள், பதிவேடு, தடுப்பூசிக் குழந்தைகள், கர்ப்பிணிகள், தகுதியுள்ள தம்பதியர் என ஐந்து பட்டியல்களுக்குத் தலா 300. இரண்டையும் சேர்த்தால் மாதம் 3,770 ரூபாய். நாளொன்றுக்கு 125 ரூபாய் அளவு. உத்தரப் பிரதேசத்தில் 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 237 ரூபாய். மண் வெட்டும் கூலியில் ஏறத்தாழ பாதியே, உயிர் காக்கும் பணிக்கு. 2025இல் நிலையான தொகையை 3,500 ரூபாயாக உயர்த்துவதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அதன்பின் கணக்குப் போட்டாலும் நாளொன்றுக்கு 175 ரூபாயைத்தான் தொடுகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது தொகையின் சிறுமை மட்டுமன்று, அதன் உச்சவரம்பும்தான். எவ்வளவு உழைத்தாலும் ஊரில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தாண்டி வருமானம் வளராது. மாறாக, பிள்ளைப்பேற்று இடைவெளி குறித்து அவர் செய்யும் பிரச்சாரம் வெற்றி பெற்றால் பிறப்புகள் குறையும். அடுத்த ஆண்டு அவருடைய வருமானமும் குறையும். அதற்கு ஈடாக, திருமணத்துக்குப் பின் இரண்டாண்டுகள் முதல் பேற்றைத் தள்ளிப்போட்டால் 500, முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் மூன்றாண்டு இடைவெளி இருந்தால் 500 என்று ஊக்கத்தொகைகள் சேர்க்கப்பட்டன. ஒன்றின் குறையை மறைக்க இன்னொரு துண்டு ஒட்டப்பட்டது. இன்று ஒரு ஆஷாவின் கோரிக்கைப் படிவத்தில் பல பத்து இனங்கள் வரிசையாக நிற்கின்றன.

கூலி இல்லாத வேலைகள்

ஊக்கத்தொகை முறைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06இல் நாட்டின் பிரசவங்களில் 38.7 விழுக்காடு மட்டுமே மருத்துவமனைகளில் நடந்தன. 2015-16இல் அது 78.9 ஆயிற்று; 2019-21இல் 88.6. தாய்க்கும் ஆஷாவுக்கும் கொடுக்கப்பட்ட தொகைக்கு இதில் பெரும் பங்குண்டு. எதற்குக் கூலி கொடுக்கப்பட்டதோ அது நடந்தது என்பதே இதன் பொருள்.

அதே ஆய்வுகளின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, ஆயிரம் உயிர்ப் பிறப்புகளுக்கு 39இலிருந்து 29.5 ஆகி, பின்னர் 24.9 ஆனது. முன்னேற்றம்தான். ஆனால் மருத்துவமனைப் பிரசவம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிய அளவுக்கு இறப்பு குறையவில்லை. குழந்தையை மருத்துவமனைக் கதவு வரை கொண்டுசேர்ப்பதற்குக் கூலி இருந்தது. கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆஷாவின் கையில் இல்லை. வீடு திரும்பிய பின் கவனமாகப் பார்ப்பதற்கான கூலி, ஒரு வருகைக்கு 42 ரூபாய்க்கும் குறைவு.

இதைவிடக் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011இல் வீட்டு வருகைத் திட்டம் தொடங்கியபோது 250 ரூபாய்க்கு நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. பிறப்பு எடை அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும். முதல் தடுப்பூசிகள் போடப்பட்டிருக்க வேண்டும். பிறப்பு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை மறுபடி படித்துப் பார்க்கலாம். எடை குறைந்து பிறந்த குழந்தை ஒன்றுக்காக ஓர் ஆஷா நான்கு முறை நடந்திருப்பார், இரவில் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடியிருப்பார். இருபத்தைந்தாம் நாள் அந்தக் குழந்தை இறந்துவிட்டால், வேலை முடியவில்லை என்று கணக்கு சொல்லும். தறியில் நெய்த துணியில் ஓட்டை விழுந்தால் கூலியைப் பிடிப்பது போல.

முதியவருக்கு வந்த காய்ச்சல், கணவனிடம் அடிபட்ட பெண்ணுக்குத் துணை நிற்பது, ரேஷன் அட்டை இல்லாத குடும்பத்துக்காக அலுவலகம் ஏறி இறங்குவது ஆகியவற்றுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. சமூகச் செயல்வீரர் என்ற பெயருக்குப் பொருள் தருபவை அந்த வேலைகளே.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்

வழிகாட்டுதலின்படி ஆஷா அந்த ஊரில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். வயது 25 முதல் 45 வரை. திருமணமானவர், கணவரை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர். மணமாகாத பெண் திருமணத்துக்குப் பின் ஊரை விட்டுப் போய்விடுவார் என்பதே இந்த விதிக்குக் காரணம். தொடக்கத்தில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றிருந்தது. பின்னர் அது பத்தாம் வகுப்பாக உயர்த்தப்பட்டது. தேர்வு நடக்க வேண்டிய முறையும் எழுதப்பட்டிருக்கிறது. வழிகாட்டி ஒருவர் ஊரின் வெவ்வேறு தெருக்களில் பெண்களுடன் பேச வேண்டும். குறைந்தது மூன்று பெயர்களை முன்வைக்க வேண்டும். கிராம சபை அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடைமுறையில் பல இடங்களில் ஊராட்சித் தலைவரும் செவிலியரும் ஒரு பெயரைச் சொல்ல, கிராம சபைத் தீர்மானம் பின்னர் எழுதப்பட்டது. அப்படித் தேர்வானவர் பெரும்பாலும் ஆதிக்கச் சாதித் தெருவின் படித்த மருமகளாக இருந்தார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஊரின் விளிம்பில் உள்ள தலித் குடியிருப்புக்குச் சென்று ஒரு வீட்டின் உள்ளே அமர்ந்து குழந்தையைக் கையில் எடுத்து எடை பார்க்க அவருடைய மாமியார் அனுமதிக்க வேண்டும். தீண்டாமை உள்ள ஊரில் அது எளிதன்று. கல்வித் தகுதி உயர உயர, தேர்வு வட்டம் அந்தத் தெருவை நோக்கியே சுருங்குகிறது.

தெருப் பிரச்சனைக்கு விடை இல்லாமல் இல்லை. சத்தீஸ்கரில் மிதானின் ஊருக்கு ஒருவராக இல்லாமல், ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனவே அறுபதாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் அவர்கள் உருவானார்கள். பழங்குடிக் குடியிருப்பில் பழங்குடிப் பெண்ணும், தலித் குடியிருப்பில் தலித் பெண்ணும் பணியேற்றனர். ஆனால் கூலி பிறப்பு எண்ணிக்கையைப் பொறுத்ததாக இருக்கும்போது, முந்நூறு பேருக்கு ஒருவர் என்று வைத்தால் அவருக்கு ஆண்டுக்கு ஏழெட்டுப் பிறப்புகளே கிட்டும். துண்டுக் கூலி முறை, சரியான தேர்வு முறையைக் கூடத் தண்டிக்கிறது.

பயிற்சியும் எடைத் தராசும்

முதல் திட்டத்தில் ஆஷாவுக்கு 23 நாட்கள் பயிற்சி. ஏழு நாட்கள் தொடக்கத்தில். பின்னர் நான்கு நாட்கள் வீதம் நான்கு சுற்றுகள். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்பிக்கும் ஆறாம், ஏழாம் பாடநூல்கள் பின்னர் வந்தன. அவற்றுக்கு ஐந்து நாட்கள் வீதம் நான்கு சுற்றுகள். இந்தப் பாடங்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் நடத்திய பணியிலிருந்து வந்தவை. அங்கே கிராமப் பெண்கள் குழந்தையின் எடை, உடல் வெப்பம், மூச்செண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கக் கற்றனர். பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்டனர். அந்தப் பெண்கள் வகுப்பில் கற்றதோடு விடப்படவில்லை. அவர்களுடைய பணி களத்திலேயே தொடர்ந்து சரிபார்க்கப்பட்டது.

நாடு தழுவிய திட்டம் பாடநூலை எடுத்துக்கொண்டது. களச் சரிபார்ப்பை விட்டுவிட்டது. மூச்செண்ணுவது எளிய காரியமாகத் தோன்றும். ஆனால் பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபது அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். மீண்டும் அதே அளவு வந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இது படக்காட்சியில் கற்கும் திறனன்று. யாராவது ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தாமும் எண்ணி, இருவர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கைகூடும்.

பயிற்சி தேய்ந்துவிட்டதா என்பதை ஆஷாவின் பதிவேட்டிலேயே கண்டுகொள்ளலாம். பிறப்பு எடை எழுதிய பத்தியை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். உண்மையில் எடை போட்டிருந்தால் 2.3, 2.7, 3.1 என்று எண்கள் சிதறிக் கிடக்கும். 2.5, 3.0, 2.5, 2.5 என்று ஒரே எண் அடுக்கி நின்றால் தராசு வேலை செய்யவில்லை என்று பொருள். பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது தராசே கொடுக்கப்பட்டிருக்காது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. கூடுதல் வருகைகளும் மேலிடக் கேள்விகளும் வரும். எனவே 2.5 என்ற எண் எல்லோருக்கும் பாதுகாப்பானது. ஆஷா பொய் எழுதுகிறார் என்று இதைக் கண்டு முடிவுகட்டுவது தவறு. பழுதான தராசைப் பற்றி அவர் சொன்னபோது யாரும் கேட்கவில்லை; படிவம் நிரம்பாவிட்டால் கூலி இல்லை. எழுதுகோல் அந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறது.

மேற்பார்வை என்னும் கையெழுத்து

ஏறத்தாழ இருபது ஆஷாக்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது ஏற்பாடு. ஆஷா ஃபெசிலிடேட்டர் என்றும், உத்தரப் பிரதேசத்தில் சங்கினி என்றும் அழைக்கப்படும் இவர், பெரும்பாலும் ஆஷாக்களிலிருந்தே எடுக்கப்பட்டவர். ஆஷாவுடன் வீடு வீடாகச் சென்று, அவர் செய்வதைப் பார்த்து, தவறைத் திருத்துவதே இவருடைய வேலை. இவருக்கும் சம்பளம் இல்லை. மாதத்தில் இருபது களப் பயணங்கள் வரை, பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி. பேருந்துச் செலவும் அதற்குள்தான்.

பயணத்தின் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் பயணத்தின் ஆழம் குறையும். ஒரே நாளில் ஆஷாவின் வீட்டு வாசலில் அமர்ந்து பதிவேட்டில் கையெழுத்திட்டால் ஒரு பயணம் முடிந்தது. எடை குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து நடந்தாலும் ஒரு பயணம்தான். ஆக, துண்டுக் கூலி பெறும் ஒருவரைத் துண்டுக் கூலி பெறும் இன்னொருவர் மேற்பார்வையிடுகிறார்.

மேற்பார்வையின் மறுபக்கம் கோரிக்கைப் படிவம். ஆஷா எழுதிய படிவத்தைச் செவிலியர் சரிபார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒப்பமிட வேண்டும். வட்டார அலுவலகம் அனுமதிக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்குக்குப் பணம் வர வேண்டும். ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் யாரோ நிற்கலாம். அட்டையின் நகல் இல்லை, மருத்துவமனை முத்திரை தெளிவாக இல்லை, இந்த மாதம் நிதி வரவில்லை என்ற காரணங்கள் அங்கே பிறக்கின்றன. மார்க்ஸ் சொன்ன தரகர் அங்கே தோன்றுகிறார். பணம் நேரடியாக வங்கிக்குப் போவதால் தரகு ஒழிந்தது என்று சொல்லப்படுகிறது. பணம் நேரடியாகப் போகிறது. ஒப்புதல் நேரடியாகப் போவதில்லை. தமக்கு வந்த தொகை எந்த மாதத்தின் எந்த வேலைக்கானது என்று வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஆஷாவால் சொல்ல முடியாது. அதில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கிறது.

விலகல்

இப்போது தொடங்கிய கேள்விக்குத் திரும்பலாம். வழிகாட்டுதலின்படி விலகியவர் யார்? கடிதம் கொடுத்தவர், காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கிராம சுகாதார நாட்களுக்கு வராதவர், பெரும்பாலான பணிகளில் செயல்படாதவர். மூன்றாவது வகையை அறிய வட்டார அலுவலர் ஊருக்கு வந்து விசாரிக்க வேண்டும். எனவே அந்த வகை அரிதாகவே பதிவாகிறது.

கடிதம் கொடுத்து வெளியேறுபவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழி ஒன்று திறந்திருக்கும். அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வேலை கிடைத்திருக்கும். செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருக்கும். சிலர் ஊராட்சித் தேர்தலில் வென்றிருப்பார்கள். என்றாவது அரசு வேலை ஆகும் என்ற நம்பிக்கையில் சேர்ந்து பத்தாண்டு காத்திருந்து, நம்பிக்கை தீர்ந்து போனவர்களும் உண்டு. இரவில் வண்டியேறிப் போவதை வீட்டார் தடுத்ததால் நின்றவர்களும் உண்டு. வெளியேறாமல் நிற்பவர்களில் கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் கணிசமானோர். அவர்களுக்கு ஊருக்குள் வேறு வருமானம் இல்லை. ஆகவே, விலகல் குறைவு என்ற புள்ளிவிவரம் மனநிறைவின் சான்றன்று. மாற்றுவழி இல்லாமையின் சான்று.

அவர்களும் ஒரு விதத்தில் விலகுகிறார்கள். முதலில் தொலைவிலுள்ள குடியிருப்பு விடுபடுகிறது. ஏனெனில் அங்கே போக அரை நாள் ஆகும், கூலி ஒன்றே. பிறகு 14ஆம் நாள், 21ஆம் நாள் வருகைகள் ஒரே நாளில் எழுதப்படுகின்றன. பிறகு கூலி இல்லாத வேலைகள் அனைத்தும் நின்றுபோகின்றன. கடைசியில் மிஞ்சுவது மருத்துவமனைப் பிரசவமும் தடுப்பூசிப் பட்டியலும். இதைச் சோம்பல் என்று அதிகாரி சொல்வார். நாளொன்றுக்கு 125 ரூபாய்க்கு ஒரு தொழிலாளி தம் உழைப்பை எவ்வளவு அளந்து தர முடியுமோ அவ்வளவு தருகிறார் என்பதே சரியான விளக்கம்.

நிலையான ஊதியம் போதுமா?

நிலையான ஊதியம் கொடுத்தால் ஆஷாக்கள் இன்னொரு அரசு ஊழியர் கூட்டமாகி, ஊரை மறந்துவிடுவார்கள் என்று சுகாதாரத் துறையிலும் தன்னார்வ அமைப்புகளிலும் சிலர் அஞ்சுகின்றனர். 1977இல் தொடங்கிய சமூக சுகாதாரப் பணியாளர் திட்டத்தை அவர்கள் சான்று காட்டுவார்கள். அப்போது மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம் தரப்பட்டது. தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். திட்டம் மெல்லத் தேய்ந்தது. ஆனால் அந்தத் திட்டம் தேய்ந்தது ஊதியம் நிலையாக இருந்ததால் அன்று. ஐம்பது ரூபாய் ஐம்பதாகவே நின்றது. தேர்வு ஊர்ப் பெரிய மனிதர்களின் கையில் இருந்தது. பயிற்சி முடிந்தபின் எவரும் அவர்களைத் தேடி வரவில்லை. அந்த மூன்று குறைகளும் இன்றும் வேறு உருவில் தொடர்கின்றன.

எனவே ஊதியக் கோரிக்கை முதலில் நிற்க வேண்டும். ஆனால் தனித்து நிற்கக் கூடாது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013 மே மாதம் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த முத்தரப்பு மேடை அது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று பெயரிட்டுவிட்டால் ஊதியம் ஆகாது என்ற வாதம் அங்கே உடைந்தது. ஆஷாக்களின் போராட்டத்துக்கு இவ்விரண்டும் கைக்கு எட்டிய கருவிகள்.

எதிரே நிற்கும் தடையையும் அறிந்திருக்க வேண்டும். ஆஷாவின் முதலாளி யார் என்பது திட்டத்தில் வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் 21,000 ரூபாய் கேட்டு அமர்ந்தபோது, ஒன்றிய அரசு மாநிலத்தையும் மாநில அரசு ஒன்றியத்தையும் கை காட்டின. எந்தக் கொடி ஆளும் மாநிலமாயினும், திட்டத்தின் இந்த அமைப்பு மாறாதவரை அந்தக் கை காட்டல் நிற்காது.

ஆஷாக்கள் உள்ள பகுதிகளில் பணியாற்றும் கிளைகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ஆஷாக்களுடன் அமர்ந்து கடந்த மூன்று மாதக் கோரிக்கைப் படிவங்களையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்த இனம் எங்கே நின்றது என்று எழுத வேண்டும். அந்தத் தாளே வட்டார அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவாகும். இரண்டாவது, ஊரின் வரைபடத்தில் கடந்த மாத வீட்டு வருகைகளைக் குறித்துப் பார்க்க வேண்டும். எந்தக் குடியிருப்பில் புள்ளி விழவில்லையோ, அங்கே அந்தக் குடியிருப்பிலிருந்தே இன்னொரு ஆஷா வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, பிறப்பு எடைப் பத்தியைப் பார்த்து, தராசு எத்தனை மாதமாகப் பழுதாகியிருக்கிறது என்று கேட்க வேண்டும். கேள்வி ஆஷாவிடம் அன்று. தராசைக் கொடுக்க வேண்டியவரிடம்.

இவற்றைச் செய்யும் தோழர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பதிவேட்டில் குறை தெரிந்தால் அதைக் கொண்டு அந்தப் பெண்ணைத் தண்டிக்க வட்டார அலுவலகம் ஆயத்தமாக இருக்கும். ஆகவே ஆஷாக்களின் சங்கம் அறியாமல், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் எந்தப் பதிவேட்டையும் தொடக் கூடாது. அவர்கள் தம் கையால் எடுத்து நீட்டும்போதுதான் அந்தப் பதிவேடு மக்களின் ஆவணமாகும். அதுவரை அது கூலியைப் பிடிப்பதற்கான ஆவணமே.